மூன்றாம் நபர் விபத்து கேஸ்: இன்சூரன்ஸ் கம்பெனி ஆவணம் கேட்டு கடிதம் போட்டிருக்கு, என்ன பதில் எழுதுறது?

உசிலை பாண்டி
எல்லாருக்கும் வணக்கம். சொந்தமா ஒரு குட்டியானை வச்சிருக்கேன். உசிலம்பட்டி சுத்துப்பட்டு ஊர்கள்ல பூ ஏத்தி விடியக்காலையில மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போற வண்டி. 2024 நவம்பர்ல செக்கானூரணி தாண்டி ஒரு பைக்கோட மோதிருச்சு. நான் வண்டியில இல்ல, டிரைவர்தான் ஓட்டிட்டுப் போனான். பைக்ல வந்தவருக்கு வலது கால் எலும்பு முறிஞ்சு பிளேட் வச்சிருக்காங்க. எஃப்.ஐ.ஆர். போட்டாங்க, பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்துட்டு விட்டுட்டாரு. நம்ம வண்டியில முன்னாடி லேசா நசுங்குனதோட சரி. அதனால இன்சூரன்ஸ்ல எதுவும் கேக்கல, தகவலும் சொல்லல.

இப்ப மதுரை கோர்ட்டுல இருந்து எம்.சி.ஓ.பி.ன்னு விபத்து இழப்பீடு கேஸ் சம்மன் வந்திருக்கு. முதல் எதிர்மனுதாரர் நான், ரெண்டாவது இன்சூரன்ஸ் கம்பெனி. 12 லட்சம் கேட்டிருக்காங்க. அதுக்குள்ள கம்பெனியும் ஒரு கடிதம் அனுப்பிருச்சு. பாலிசி, ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், டிரைவர் லைசென்ஸ், எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, டிரைவரோட இப்போதைய விலாசம், விபத்து எப்படி நடந்துச்சுன்னு என் வாக்குமூலம், எல்லாம் 15 நாளுக்குள்ள வேணுமாம். கடைசியில "எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி" இந்தக் கடிதம் அனுப்பப்படுது, ஒத்துழைக்கலைன்னா நிபந்தனை மீறலாக் கருதப்படும்னு இருக்கு.

டிரைவர் வேலையை விட்டுட்டு திருப்பூர் போயிட்டான். அவன் லைசென்ஸ் என் வாட்சாப்ல போட்டோவா மட்டும்தான் இருக்கு. பிரீமியம் ஒழுங்காக் கட்டியிருக்கேன். எங்கிட்ட ஏன் இத்தனை கேக்குறாங்க? பதில் எழுதணுமா, வக்கீல் மட்டும் வச்சாப் போதுமா?

திருமங்கலம் ராஜா
அண்ணே, எனக்கும் இதே கதைதான். பம்பர், ஹெட்லைட் உடைஞ்சதுக்கு கிளெய்ம் போட்டேன். லேட்டாச் சொன்னீங்கன்னு சொல்லி பாதிக் காசுதான் குடுத்தாங்க. சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி வண்டியை வேலைக்கு விட்டுறாதீங்க. பில்லு எல்லாம் ஜி.எஸ்.டி.யோட வாங்கி வச்சுக்கங்க.

மேலூர் தங்கம்
ராஜா தம்பி, அவரு கேக்குறது வேற. அவரு வண்டிச் சேதத்துக்குக் கேக்கல, அடிபட்டவரு இவர் மேல கேஸ் போட்டிருக்காரு.

பாண்டி அண்ணே, டிரைவர் லைசென்ஸ்ல லோடு வண்டி ஓட்டுறதுக்கான தனிப் பதிவு, அதான் பேட்ஜ், இருக்கா? எங்க வீட்டுல ரெண்டு லோடு வண்டி ஓடுது. பேட்ஜ் இல்லைன்னா கம்பெனி கையை விரிச்சிரும், முழுக் காசும் ஓனர் தலையிலதான்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க. இல்லைன்னா லைசென்ஸைக் குடுக்காதீங்க. டிரைவர் எங்க போனான்னே தெரியலைன்னு எழுதிருங்க.

உசிலை பாண்டி
பேட்ஜ் இல்லக்கா. எல்.எம்.வி. மட்டும்தான். அதான் பயமாருக்கு.

கோர்ட்டு குமாஸ்தா
தம்பி பாண்டி, முதல்ல ஒண்ணு. தங்கம் அம்மா சொன்ன கடைசி வரியை மட்டும் செஞ்சிராதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

நான் மோட்டார் விபத்து கேஸ் பார்க்குற ஆபீஸ்ல குமாஸ்தாவா இருக்கேன். கம்பெனி பக்கமும் வேலை பார்த்திருக்கேன், மனுதாரர் பக்கமும் பார்த்திருக்கேன். உங்களுக்கு வந்தது உதவி கேக்குற கடிதம் மாதிரிதான் தெரியும். கம்பெனி கட்டைப் பொறுத்தவரைக்கும் அது நாளைக்கு சான்றாவணமாப் போடப் போற காகிதம். கம்பெனி சாட்சி கூண்டுல ஏறி, "ஓனருக்கு லைசென்ஸைக் காட்டச் சொல்லிக் கடிதம் அனுப்பினோம், இந்தா நகல், இந்தா தபால் கிடைச்சதுக்கான அத்தாட்சி, அவரு காட்டல"ம்பாரு. அதுக்கப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து ஒருத்தரைச் சம்மன் பண்ணி வரவழைப்பாங்க. நீங்க ஒரு வரி பதில் போட்டிருந்தா அந்தச் சாட்சிக்குப் பாதி வேலை கிடையாது. போடலைன்னா உங்க மௌனத்தையே உங்களுக்கு எதிரா நம்பர் போட்டு வச்சுருவாங்க.

பிரீமியம் கட்டியும் ஏன் கேக்குறாங்கன்னு கேட்டீங்க. மூன்றாம் நபர் கேஸ்ல கம்பெனி நினைச்ச காரணத்தையெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 150-ல அதுக்குன்னு குறிப்பிட்ட காரணங்கள்தான் இருக்கு. லைசென்ஸ் இல்லாத ஆள் ஓட்டுனது, குடிச்சிட்டு ஓட்டுனது, பெர்மிட் வேண்டிய இடத்துல பெர்மிட் இல்லாதது, பிரீமியமே வந்து சேராதது, இப்படிச் சில. அதுல ஒண்ணைத் தேடித்தான் இந்த லிஸ்ட். கடிதத்துல கேட்ட எல்லாமும் உங்களுக்குப் பொருந்தணும்னு இல்லை. அது எல்லா வண்டிக்கும் ஒரே அச்சுல போற கடிதம்.

பெர்மிட்டை எடுத்துக்கங்க. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டே தேவையில்ல, 66-ல விலக்கு இருக்கு. உங்க ஆர்.சி.யில மொத்த எடைன்னு ஒரு கட்டம் இருக்கும், பாருங்க. குட்டியானை அந்தக் கணக்குக்கு ரொம்பக் கீழ. அப்ப "பெர்மிட் இல்லை"ன்னு எழுதக் கூடாது. "மொத்த எடை இவ்வளவு, அதனால பெர்மிட் தேவைப்படாத வண்டி"ன்னு எழுதணும். முதல் வரியைப் பிடிச்சுக்கிட்டு கம்பெனி உங்க மேல பாயும். ரெண்டாவது வரியில பிடிக்க எதுவும் இல்லை.

கோர்ட்டு குமாஸ்தா
பேட்ஜ் பத்தி தனியா. தங்கம் அம்மா சொன்னது ஒரு காலத்துல சரி. 2017-ல உச்ச நீதிமன்றம் முகுந்த் தேவாங்கன் வழக்குல, எல்.எம்.வி. லைசென்ஸ் வச்சிருக்குறவர் அந்த எடைக்குள்ள வர்ற சரக்கு வண்டியை ஓட்டலாம், தனிப் பதிவு வேண்டாம்னு சொல்லிருச்சு. கம்பெனிகள் விடல, பெரிய அமர்வுக்குக் கொண்டு போனாங்க. 2024 நவம்பர் 6-ம் தேதி அஞ்சு நீதிபதிகள் ரம்பா தேவி வழக்குல அதையே உறுதி பண்ணிட்டாங்க. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டின்னா எல்.எம்.வி. போதும். தங்கம் அம்மா, உங்க ரெண்டு வண்டியோட ஆர்.சி.யிலயும் எடையைப் பாருங்க. 7,500-க்கு மேலன்னா நீங்க சொன்னது இன்னைக்கும் சரிதான்.

மேலூர் தங்கம்
எங்களுது ஒண்ணு அந்த எடைக்கு மேல. அதான் எல்லா வண்டிக்கும் அப்படித்தான்னு நினைச்சேன் போல. சரிங்கண்ணே.

ரிட்டயர்டு ஏஜென்ட்
இத்தனை பயம் வேண்டாம். நான் முப்பது வருஷம் பாலிசி போட்டவன். நடைமுறையில் பெரும்பாலான ஓனர்கள் டிரிப்யூனலுக்கே போவதில்லை. எக்ஸ்பார்ட்டி ஆகிவிடுவார்கள், கம்பெனி வக்கீல் நடத்துவார், கம்பெனி கட்டும். 170-ன்படி அனுமதி வாங்கி ஓனர் சொல்ல வேண்டியதையும் கம்பெனியே சொல்லும். பாண்டி வீணாக வக்கீல் செலவு செய்ய வேண்டாம். கடிதத்துக்கு பாலிசி நகலை மட்டும் அனுப்பினால் போதும்.

அழகர்கோயில் சந்திரா
ஐயா, நீங்க சொல்ற மாதிரி எங்க வீட்டுலயும் ஒருத்தர் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரோட வண்டி, ஓட்டுனது அவரு தம்பி. லைசென்ஸ் நல்லாவே இருந்துச்சு. சம்மன் வந்துச்சு, கம்பெனி கடிதமும் வந்துச்சு. கம்பெனி பார்த்துக்கும்னு பீரோவுல வச்சுட்டோம்.

தீர்ப்புல என்ன வந்துச்சுன்னா, கம்பெனி முதல்ல அடிபட்டவருக்குக் கட்டணும், அப்புறம் அந்தக் காசை எங்ககிட்ட வசூல் பண்ணிக்கலாம். காரணம் என்னன்னா டிரைவிங் லைசென்ஸ் காட்டப்படவில்லைன்னு. இல்லைன்னு இல்லைங்க, காட்டலைன்னு! வசூல் மனு வந்தப்பதான் எங்களுக்கே தெரியும். அது தனியா சிவில் கேஸ்கூட இல்ல, அதே டிரிப்யூனல்லயே நிறைவேற்று மனுவாப் போட்டாங்க. வண்டியை ஜப்தி பண்ணப் போறோம்னு அதுல இருந்துச்சு. இப்ப ஹைகோர்ட் பெஞ்சுல அப்பீல் போட்டு நிக்குது. அப்பீல் போடவே 25,000 கட்டச் சொன்னாங்க.

ரிட்டயர்டு ஏஜென்ட்
அம்மா, உங்கள் விஷயத்தில் வருத்தம்தான். ஆனால் அது விதிவிலக்கு.

கோர்ட்டு குமாஸ்தா
ஐயா சொல்றதுலயும் உண்மை இருக்கு. எல்லா ஆவணமும் போலீஸ் கட்டுலயே சுத்தமா இருந்து, கம்பெனியும் லைசென்ஸைச் சரிபார்த்து திருப்தியாயிட்டா, ஓனர் வராமலே எத்தனையோ கேஸ் முடியுது. ஆனா அது கம்பெனி சந்தேகப்படாத கேஸ். பாண்டிக்கு வந்த கடிதத்துல டிரைவர் விலாசமும் லைசென்ஸும் தனித்தனியாக் கேட்டிருக்காங்க. அவங்க தேடுறாங்கன்னுதான் அர்த்தம்.

170 பத்தி ஐயா சொன்னதுல ஒரு சிக்கல் இருக்கு. அந்த அனுமதி வாங்கி கம்பெனி பேசுறது விபத்து யார் தப்பு, எவ்வளவு இழப்பீடுங்கிறதைப் பத்தி. அதுல உங்களுக்கும் கம்பெனிக்கும் ஒரே நலன். லைசென்ஸ், எஃப்.சி.ன்னு வர்றப்ப கம்பெனி உங்களுக்கு எதிர்க்கட்சி. அதே வக்கீல் உங்களுக்கும் பேசுறது நடக்காத காரியம். கம்பெனி வக்காலத்துல உங்களையும் கையெழுத்துப் போடச் சொன்னா, "என் மேல நிபந்தனை மீறல் எதுவும் சொல்ல மாட்டோம்"னு எழுதிக் கேளுங்க. தர மாட்டாங்க. அப்ப தனி வக்கீல்தான்.

சந்திரா அம்மா கேஸ்ல நடந்ததுக்கும் காரணம் சொல்லிடுறேன். 2004-ல ஸ்வரன் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம், மீறல் நடந்துச்சுன்னு நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான்னு சொல்லிருச்சு. அதை வச்சுக்கிட்டு ஓனர் பேசாம இருக்கலாமான்னா, கூடாது. 2018-ல பப்பு வழக்குல, ஓட்டுனது இன்னார், அவருக்கு லைசென்ஸ் இருக்குன்னு முதல்ல ஓனர் சொல்லி ஆவணத்தை வைக்கணும், அதுக்கப்புறம்தான் பாரம் கம்பெனி மேல போகும்னு வந்துருச்சு. அந்த ஓனர் பாலிசி, ஆர்.சி., பெர்மிட்டெல்லாம் குடுத்தாரு, ஓட்டுனது யாருங்கிறதை மட்டும் வைக்கல. கட்டி வசூல் பண்ணிக்கோன்னுதான் முடிஞ்சுச்சு. பாலிசி நகலை மட்டும் அனுப்புனாப் போதும்கிறது அங்கதான் உதைக்குது.

தம்பி, இப்ப எனக்கு மூணு தேதி வேணும். விபத்து நடந்த அன்னைக்கு பாலிசி, லைசென்ஸ், எஃப்.சி. மூணும் நடப்புல இருந்துச்சா? இன்னைக்கு இருக்கான்னு கேக்கல, அன்னைக்கு.

உசிலை பாண்டி
பாலிசி நடப்புல இருந்துச்சு. லைசென்ஸ் போட்டோவுல பார்த்தா 2031 வரைக்கும் இருக்கு.

எஃப்.சி. தான் அண்ணே. விபத்துக்கு ஒன்பது நாள் முன்னாடி முடிஞ்சிருந்துச்சு. பூ சீசன், முகூர்த்த நாளு, வண்டியை நிறுத்த முடியல. விபத்துக்கப்புறம் ஸ்டேஷன்ல இருந்து வண்டியை எடுத்தவுடனே எஃப்.சி. காட்டி வாங்கிட்டேன். இப்ப கையில இருக்குறது புது எஃப்.சி. அதை மட்டும் குடுத்தா தேதியைக் கவனிக்காம விட்டுருவாங்களான்னு ஒரு நினைப்பு.

இன்னொண்ணு. அடிபட்டவரு பெரிய ஆஸ்பத்திரியில இருந்தப்ப போய்ப் பார்த்துட்டு 20,000 ரூபா குடுத்துட்டு வந்தேன். மனசு கேக்கல. அதைச் சொல்லணுமா?

கோர்ட்டு குமாஸ்தா
தேதியைக் கவனிக்காம விட மாட்டாங்க தம்பி. எஃப்.சி. பதிவு ஆன்லைன்ல இருக்கு. அதைவிட முக்கியம், பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கையில எஃப்.சி. எது வரைக்கும்னு ஒரு கட்டம் இருக்கும். அந்த அறிக்கை மனுதாரர் வக்கீல்கிட்டயும் இருக்கு, கம்பெனிகிட்டயும் இருக்கு. அதுபோக, இப்ப 2022 விதிப்படி போலீஸ் விபத்து விவரத்தைப் படிவமா கம்பெனிக்கும் டிரிப்யூனலுக்கும் அனுப்புது. அதுல ஓனர் படிவம்னு ஒண்ணும் டிரைவர் படிவம்னு ஒண்ணும் இருக்கு. ஸ்டேஷன்ல உங்ககிட்ட கையெழுத்து வாங்கியிருப்பாங்க, ஞாபகப்படுத்திப் பாருங்க. அதுல சொன்னதும் இப்ப எழுதப் போறதும் ஒண்ணா இருக்கணும். அந்த நகலை வாங்கிட்டுத்தான் பேனாவை எடுக்கணும்.

புது எஃப்.சி.யை மட்டும் வச்சு மறைச்சீங்கன்னா, தீர்க்கக்கூடிய ஒரு விஷயத்தைத் தீராத விஷயமா ஆக்கிருவீங்க. குறுக்கு விசாரணையில "தெரிஞ்சேதானே மறைச்சீங்க"ன்னு ஒரு கேள்வி வந்தா உங்க மத்த பதிலும் அடிபட்டுப் போகும். பழைய எஃப்.சி., புது எஃப்.சி. ரெண்டையும் வைங்க.

20,000 விஷயம். பாலிசி நிபந்தனையிலயே, கம்பெனி எழுத்துப்பூர்வமா சம்மதிக்காம ஓனர் பொறுப்பை ஒத்துக்கிடுறதோ, பணம் தர்றதா வாக்குக் குடுக்குறதோ, குடுக்குறதோ கூடாதுன்னு இருக்கும். அதுக்காக அடிபட்டவரை உதவாம விடணும்னு எந்தக் கோர்ட்டும் சொல்லாது. "மருத்துவ உதவிக்காக, மனிதாபிமானத்துல, பொறுப்பேற்பா இல்லாம"ன்னு எழுதி, தேதியோட கம்பெனிக்குத் தெரிவிச்சிருங்க. பேப்பர்ல ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களா?

உசிலை பாண்டி
எதுவும் எழுதல. கையில குடுத்தேன், அவங்க மச்சினன் வாங்கிக்கிட்டாரு.

அப்ப எஃப்.சி.க்காக 12 லட்சமும் எங்கிட்ட வசூல் பண்ணுவாங்களா?

கோர்ட்டு குமாஸ்தா
அதைத்தான் உறுதியா யாரும் சொல்ல முடியாது. கம்பெனி வக்கீல் 56-ஐ வச்சுப் பேசுவாரு. எஃப்.சி. இல்லைன்னா அந்த வண்டி முறையா பதிவான வண்டியாவே கருதப்படாதுங்கிறது அந்தப் பிரிவு. உங்க வக்கீல், 150-ல கம்பெனிக்குச் சொல்லியிருக்குற எதிர்வாதங்கள்ல எஃப்.சி. இல்லாததுன்னு ஒண்ணு கிடையாது, அதுவும் இல்லாம விபத்துக்குக் காரணம் பிரேக்கோ ஸ்டியரிங்கோ இல்லைன்னு பேசுவாரு. ரெண்டு பக்கமும் தீர்ப்பு பார்த்திருக்கேன். பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கையில "இயந்திரக் கோளாறினால் விபத்து ஏற்படவில்லை"ன்னு ஒரு வரி இருக்கும். அது இருந்தா உங்களுக்கு அதுதான் பெரிய பலம். அதோட விபத்து முடிஞ்ச கையோட அதே வண்டி எஃப்.சி. தேறுனதும் சேரும். அதனாலதான் புது எஃப்.சி.யையும் வைக்கச் சொன்னேன், மறைக்கிறதுக்கு இல்ல.

அப்புறம், 12 லட்சம்கிறது அவங்க கேட்டது. டிரிப்யூனல் குடுக்குறது ஊனச் சான்று, வருமானம், மருத்துவ பில்லு எல்லாம் பார்த்து. ரெண்டும் ஒண்ணா இருக்குறது அபூர்வம்.

ரிட்டயர்டு ஏஜென்ட்
விபத்தைப் பற்றி உடனே கம்பெனிக்குச் சொல்லவில்லையே, அதற்கே பொறுப்பைத் தட்டிக் கழிக்க மாட்டார்களா? பாலிசியில் அது முதல் நிபந்தனை.

கோர்ட்டு குமாஸ்தா
சொந்தச் சேதத்துக்குன்னா நீங்க சொல்றது சரி, ராஜா தம்பிக்கு நடந்தது அதுதான். அடிபட்ட மூன்றாம் நபருக்கு எதிரா தாமதத்தைக் காரணமாச் சொல்ல முடியாது, 150 லிஸ்ட்ல அது இல்லை. ஆனாலும் பதில்ல ஒரு வரி எழுதிரணும். வண்டிக்குச் சேதம் இல்லாததால கிளெய்ம் செய்யல, போலீஸ் மூலமா தகவல் வந்திருக்கும்னு நினைச்சேன்னு உள்ளதை எழுதுனாப் போதும்.

திருமங்கலம் ராஜா
அப்ப என் பாதிக் காசு போனது போனதுதானா?

வைகைக்கரை (மட்டுறுத்துநர்)
ராஜா, அதுக்குத் தனி இழை தொடங்குங்க. இங்க பாண்டி கேஸ் மட்டும் ஓடட்டும்.

உசிலை பாண்டி
அண்ணே, இன்னைக்கு வீட்டுக்கு ஒருத்தர் வந்தாரு, கம்பெனி இன்வெஸ்டிகேட்டராம். அடையாள அட்டை காட்டுனாரு. ஒரிஜினல் ஆர்.சி. குடுங்க, ரெண்டு வெள்ளைத்தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்க, மத்ததை நான் எழுதிக்கிறேன்னாரு. நான் வக்கீலைக் கேட்டுச் சொல்றேன்னு அனுப்பிட்டேன். தப்பா?

கோர்ட்டு குமாஸ்தா
ரொம்பச் சரி. இன்வெஸ்டிகேட்டர் வர்றது சாதாரண விஷயம்தான், விரட்ட வேண்டியதில்ல. விரட்டுனா அதையே ஒத்துழைக்கலைன்னு அறிக்கை எழுதிருவாரு. ஒரிஜினலைக் காட்டுங்க, குடுக்காதீங்க. ஒரிஜினல் போற இடம் டிரிப்யூனல் மட்டும்தான், அதுவும் உங்க வக்கீல் மூலமா. ஜெராக்ஸ்ல "கம்பெனி விசாரணைக்கு மட்டும்"னு குறுக்கால எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வெள்ளைத்தாள்ல கையெழுத்து கூடவே கூடாது. வாக்குமூலம் வேணும்னா நீங்களே உங்க கையால எழுதுங்க. நீங்க வண்டியில இல்ல. அதனால விபத்து எப்படி நடந்துச்சுன்னு நீங்க பார்த்த மாதிரி ஒரு வார்த்தை எழுதிறாதீங்க. "டிரைவர் எனக்குப் போன்ல சொன்னது"ன்னு மட்டும் எழுதுங்க. ஓனர்களோட வாக்குமூலம் பாதி கேஸ்ல இங்கதான் கெட்டுப் போகுது. பார்க்காத ஆளு, "என் டிரைவர் வேகமாப் போயிருப்பான்"னு ஒரு வரி எழுதிக் குடுத்துருவாரு.

அட்வகேட் மீனா
குமாஸ்தா அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்குறேன். உங்க டிரைவர் மேல கிரிமினல் கேஸ் நடக்குதா, முடிஞ்சுதான்னு கேளுங்க. அபராதத்தைக் கட்டிட்டு முடிச்சுக்கலாம்னு டிரைவர்கள் குற்றத்தை ஒத்துக்கிடுறது வழக்கம். அதுக்கப்புறம் டிரிப்யூனல்ல "பைக்காரர் தப்பு"ன்னு வாதாடுறது ரொம்பக் கஷ்டம். கம்பெனியும் கேக்கும், ஏன் எங்களுக்குத் தெரியாம ஒத்துக்கிட்டாங்கன்னு.

உசிலை பாண்டி
இன்னும் முடியலை மேடம். திருப்பூர்ல டிரைவரைப் பிடிச்சுட்டேன், அவங்க அக்கா வீடு கருமாத்தூர்ல இருக்கு, அவங்க நம்பர் குடுத்தாங்க. அவன் அபராதம் கட்டிரலாம்னுதான் இருந்தானாம். வக்கீலைக் கேக்காம எதுவும் செய்யாதடான்னு சொல்லிருக்கேன். லைசென்ஸை நேர்ல கொண்டு வர்றேன்னான்.

பைக்காரர் எதிர்ப்பக்கமா வந்தாருங்கிறான் அவன். அது நிஜமான்னு எனக்குத் தெரியாது.

கோர்ட்டு குமாஸ்தா
அதுக்கு போலீஸ் வரைபடம் இருக்கும், மோதுன இடம் ரோட்டோட எந்தப் பக்கம்னு. உங்க வக்கீல் பார்த்துக்குவாரு. நீங்க எழுத வேண்டாம்.

லைசென்ஸ் விஷயத்துல இன்னும் ரெண்டு வேலை. `sarathi.parivahan.gov.in`-ல லைசென்ஸ் நம்பரும் பிறந்த தேதியும் போட்டா விவரம் வரும், அதை அச்செடுத்துக்கங்க. ஆனா அது இன்னைக்கு நிலவரம். விபத்து அன்னைக்கு எந்த வகுப்பு, எதுவரை செல்லும்ங்கிறதுக்கு, லைசென்ஸ் குடுத்த ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சான்றா ஒரு நகல் கேட்டு வாங்கணும். கம்பெனி அதைத்தான் வாங்கப் போகுது, உங்க கையிலயும் இருக்கட்டும். ரெண்டாவது, வேலைக்குச் சேர்க்குறப்ப என்ன பார்த்தீங்கன்னு எழுதி வைங்க. 2020-ல நிர்மலா கோத்தாரி வழக்குல, லைசென்ஸைப் பார்த்து, ஓட்டத் தெரியுதான்னு பார்த்தாப் போதும், ஓனர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் அது நிஜமான்னு சரிபார்க்கணும்னு இல்லைன்னு இருக்கு. நாளைக்கு அந்த லைசென்ஸ்ல ஏதாவது குளறுபடி வந்தாலும் அது உங்களைக் காப்பாத்தும். உங்க வாட்சாப் போட்டோ எப்ப வந்துச்சு?

உசிலை பாண்டி
வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே வாங்குனது. 2023 சித்திரைத் திருவிழா சமயம். அன்னைக்கு காலியா ஒரு நடை செக்கானூரணி வரைக்கும் ஓட்டச் சொல்லிப் பக்கத்துல உக்காந்தேன்.

கோர்ட்டு குமாஸ்தா
அந்த சாட்டை அழிச்சிராதீங்க. தேதியோட அது ஆவணம். போன் மாத்துனாலும் பேக்கப் எடுத்துட்டு மாத்துங்க.

பதில் இந்த மாதிரி இருக்கலாம். உங்க வக்கீல் பார்த்துட்டு அனுப்பட்டும்:

"தங்கள் கடிதம் கிடைத்தது. மேற்படி வாகனத்தின் பதிவு உரிமையாளர் நான். விபத்தின்போது வாகனத்தை ஓட்டியவர் இன்னார், அவரது ஓட்டுநர் உரிம எண் இது, எல்.எம்.வி. வகுப்பு, விபத்து நாளன்று செல்லத்தக்கது. அவரது தற்போதைய விலாசமும் கைபேசி எண்ணும் கீழே. வாகனத்தின் மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்டதால் பெர்மிட் தேவையில்லை. தகுதிச் சான்று இன்ன தேதி வரையிலும், மீண்டும் இன்ன தேதி முதலும் உள்ளது; இரண்டின் நகலும் இணைப்பில். விபத்தின்போது நான் வாகனத்தில் இல்லை. காயமடைந்தவருக்கு மருத்துவ உதவியாக இன்ன தேதியில் ரூ.20,000 கொடுத்தேன், இது எவ்விதப் பொறுப்பேற்பும் அல்ல. டிரிப்யூனல் சம்மன், மனு நகல்களை இத்துடன் அனுப்புகிறேன். மேற்கொண்டு தேவைப்படும் ஒத்துழைப்பை என் வழக்கறிஞர் மூலம் தருகிறேன். என் உரிமைகளுக்குப் பாதகமின்றி."

கடைசி வரியைக் கவனிங்க. அவங்க தங்கள் உரிமைக்குப் பாதகமில்லாமன்னு எழுதுனா நீங்களும் எழுதலாம்.

ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி, கடிதத்துல இருக்குற ஈமெயிலுக்கும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. ஈமெயில் சப்ஜெக்ட்ல பாலிசி நம்பரும் எம்.சி.ஓ.பி. நம்பரும் போடுங்க, இல்லைன்னா எந்தக் கட்டுல சேர்க்குறதுன்னு தெரியாம கிடக்கும்.

அழகர்கோயில் சந்திரா
இப்படி ஒருத்தர் எங்களுக்கு அப்ப சொல்லியிருந்தா... சரி விடுங்க. குமாஸ்தா அண்ணே, அப்பீல்ல இப்ப லைசென்ஸை வைக்க விடுவாங்களா?

கோர்ட்டு குமாஸ்தா
கூடுதல் ஆவணம் ஏத்துக்கச் சொல்லி மனு போடலாம் அம்மா. முன்னாடியே கையில இருந்ததை ஏன் அப்ப வைக்கலைன்னு கேப்பாங்க. ஏத்துக்கிடவும் செய்வாங்க, மறுக்கவும் செய்வாங்க. ஏத்துக்கிட்டா பெரும்பாலும் லைசென்ஸ் கேள்வியை மட்டும் திரும்ப விசாரிக்கச் சொல்லி டிரிப்யூனலுக்கு அனுப்புவாங்க. உங்க வக்கீலைக் கேளுங்க.

உசிலை பாண்டி
உசிலம்பட்டியிலயே ஒரு வக்கீலைப் பார்த்து வக்காலத்து போட்டாச்சு. பதில் மனு போட, அதான் கவுன்ட்டருக்கு, வாய்தா குடுத்திருக்காங்க. பதில் கடிதம் நேத்து தபால்ல போயிருச்சு. பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கை நகல் கிடைச்சுருச்சு, இயந்திரக் கோளாறு இல்லைங்கிற வரி அதுல இருக்கு. எஃப்.சி. கட்டத்துல முடிஞ்ச தேதியைச் சிவப்பு மையில சுழிச்சு வச்சிருக்காரு.

டிரைவரு சாட்சிக்கு வரணுமாம். ஒரு நாள் வேலை போகும்ங்கிறான். படி நான்தான் குடுக்கணுமா?

கோர்ட்டு குமாஸ்தா
உங்க பக்கச் சாட்சின்னா நீங்கதான். பஸ் காசும் அன்னைக்குக் கூலியும் குடுத்துருங்க, ரசீது வாங்கிக்கங்க. அவன் வராம எஃப்.சி. வாதத்தை மட்டும் வச்சு நிக்கிறதைவிட அது ரொம்ப மலிவு. சுழிச்சது பத்திக் கவலைப்பட ஒண்ணும் இல்ல, அதைத்தான் நீங்களே முதல்ல எழுதியாச்சே.

மேலூர் தங்கம்
எங்க ரெண்டு வண்டியோட எஃப்.சி. தேதியையும் இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன். ஒண்ணு அடுத்த மாசம் முடியுது. பாண்டி அண்ணே, கவுன்ட்டர்ல கம்பெனி என்ன எழுதியிருக்குன்னு வந்தா இங்க போடுங்க.

உசிலை பாண்டி
போடுறேன்க்கா. கம்பெனி இன்னும் கவுன்ட்டர் போடல, அவங்களும் வாய்தாதான் வாங்கியிருக்காங்க.